டேட்டா பேக் கடைசி நாள் வரை வருமா? தினசரிச் சதவீதக் கணக்கு

நமது கடைகளில் அரிசி மூடை எத்தனை நாள் வரும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் ஒன்றுக்கு எவ்வளவு போகிறது, கையில் எவ்வளவு இருக்கிறது, அடுத்த லோடு என்றைக்கு வரும் என்ற 3 விவரங்கள் தெரிந்தால் போதும். சரக்கு போதுமா போதாதா என்று கல்லாவில் இருந்தபடியே சொல்லிவிடுவோம். ஆனால் அதே கடையில், அதே கல்லாவின் மேல் இருக்கும் செல்போனில் டேட்டா பேக் பாதியில் தீர்ந்துபோனால் மட்டும், "இப்போதுதானே ரீசார்ஜ் செய்தோம்!" என்று திகைத்து நிற்கிறோம். டேட்டாவும் ஒரு சரக்குதான். அதற்கும் இருப்பு உண்டு, தினசரிச் செலவு உண்டு, அடுத்த கொள்முதல் நாள் உண்டு. சரக்குக்குப் போடும் கணக்கையே இதற்கும் போடலாம். அந்தக் கணக்கை இந்த இதழில் சற்று விளக்கமாகக் காண்போம்.

எந்த பேக்குக்கு இந்தக் கணக்கு?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். டேட்டா பேக்குகளில் 2 வகை உண்டு. முதல் வகையில் நாள் ஒன்றுக்கு 1 ஜி.பி., 1.5 ஜி.பி. என்று அளவு வைத்துத் தருவார்கள். அன்றைய அளவு அன்றோடு முடிந்தது. மறுநாள் புதிய அளவு வந்துவிடும். தினசரி பால் வாங்குவது போன்றது இது. இந்த வகையில் "கடைசி நாள் வரை வருமா?" என்ற கேள்வியே எழாது. "இன்று இரவு வரை வருமா?" என்பதுதான் கேள்வி.

இரண்டாவது வகையில் மொத்தமாக இவ்வளவு ஜி.பி., இத்தனை நாளுக்கு என்று ஒரே தவணையில் கொடுத்துவிடுவார்கள். மாதச் சாமான் வாங்கி வைப்பது போன்றது இது. முதல் வாரத்தில் தாராளமாகச் செலவழித்தால் கடைசி வாரத்தில் கை வறண்டுவிடும். கடையில் பேசுவதற்கும், பணம் வந்ததைப் பார்ப்பதற்கும், விலைப்பட்டியல் பெறுவதற்கும் மட்டும் ஒரு போன் வைத்திருப்பவர்கள் பலரும் விலை குறைவு என்பதால் இந்த வகையையே போடுகிறார்கள். 2024 சூலை மாதம் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை உயர்த்தியபோது, 28 நாளுக்கு மொத்தம் 2 ஜி.பி. தரும் பேக்கின் விலை ஏர்டெல்லில் 179 ரூபாயிலிருந்து 199 ரூபாயாகவும், ஜியோவில் 155 ரூபாயிலிருந்து 189 ரூபாயாகவும் ஆனது. விலையும் அளவும் அவ்வப்போது மாறக்கூடியவை. ஆனால் மொத்த அளவு, குறிப்பிட்ட நாள் என்ற அமைப்பு இருக்கும் வரை நமது கணக்கு மாறாது.

இந்த வேறுபாட்டை ஏன் முதலில் சொல்கிறோம் என்றால், நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி இரண்டு வகைக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். "உங்கள் டேட்டாவில் 50 சதவீதம் பயன்படுத்தப்பட்டுவிட்டது" என்று செய்தி வருகிறது. அது இன்றைய அளவில் பாதியா, மொத்த பேக்கில் பாதியா என்று பார்க்க வேண்டும். தினசரி அளவு உள்ள பேக்கில் மாலை 5 மணிக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. மொத்த பேக்கில் 9-ஆம் நாள் இப்படி ஒரு செய்தி வந்தால், அன்றே நோட்டை எடுத்துக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு நாளின் பங்கு எவ்வளவு?

பேக் முழுவதையும் 100 என்று வைத்துக்கொள்வோம். அதை நாட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு நாளுக்கு உரிய பங்கு கிடைக்கும். 28 நாள் பேக் என்றால் 100-ஐ 28-ஆல் வகுக்க, 3.57 சதவீதம். ஏறக்குறைய மூன்றரை சதவீதம் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். 30 நாள் பேக் என்றால் 3.33 சதவீதம். 84 நாள் பேக் என்றால் 1.19 சதவீதம்.

இதில் 28-க்கும் 30-க்கும் உள்ள வேறுபாட்டைச் சிறியது என்று தள்ளிவிடக் கூடாது. 28 நாள் பேக் போடுகிறவர் ஆண்டுக்கு 12 முறை அல்ல, 13 முறை ரீசார்ஜ் செய்கிறார். இதுபற்றி வாடிக்கையாளர்கள் குறை கூறியதை அடுத்து, 30 நாள் செல்லுபடியாகும் திட்டங்களையும், மாதந்தோறும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் திட்டங்களையும் ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022 சனவரியில் உத்தரவிட்டது. எனவே நமது பேக் எத்தனை நாள் என்பதை ஊகிக்காமல், ரீசார்ஜ் செய்தவுடன் வரும் குறுஞ்செய்தியில் உள்ள முடிவுத் தேதியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தேதிதான் நமக்கு "அடுத்த லோடு வரும் நாள்".

சதவீதத்தை எங்கே பார்ப்பது?

நிறுவனத்தின் செயலியில் இருப்பு காட்டும் இடத்தில் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே சதவீதமாக இல்லாமல், "2 ஜி.பி.யில் 1.58 ஜி.பி. மீதம்" என்பது போல் இருக்கும். இதில் கவனிக்க வேண்டியது, அங்கே காட்டுவது மீதம். நமக்கு வேண்டியது செலவு. 2-லிருந்து 1.58-ஐக் கழித்தால் 0.42. அதை 2-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 21. அதாவது 21 சதவீதம் செலவாகியிருக்கிறது. மீதத்தைச் செலவு என்று எண்ணிவிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

போனிலேயே Data usage என்ற பக்கம் இருக்கிறதே, அதைப் பார்த்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். எந்தச் செயலி அதிகம் தின்கிறது என்று கண்டுபிடிக்க அது மிகவும் பயன்படும். ஆனால் பேக்கின் இருப்பை அறிய அது உதவாது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் அந்தக் கணக்கு மாதத்தின் ஒரு தேதியில் தொடங்கி அடுத்த மாதம் அதே தேதி வரை ஓடும். நமது பேக்கோ 28 நாளில் முடிகிறது. இந்த மாதம் இரண்டும் ஒரே நாளில் தொடங்கினாலும் அடுத்தடுத்த முறைகளில் தேதி தள்ளிப்போய்விடும். பழைய பேக்கின் செலவும் புதிய பேக்கின் செலவும் ஒன்றாகக் கலந்து காட்டும். அதோடு போன் எண்ணுவதும் நிறுவனம் எண்ணுவதும் சரியாக ஒத்துப்போவதில்லை. தராசு இரண்டு இருந்தால், எந்தத் தராசுக்குப் பணம் கொடுக்கிறோமோ அந்தத் தராசின் எடைதான் கணக்கு. இங்கே அது நிறுவனத்தின் தராசு.

பார்க்கும் நேரமும் ஒன்றாக இருக்கட்டும். கடை அடைத்துக் கல்லாக் கணக்கு முடிக்கும் நேரம் நல்லது. ஒருநாள் காலையிலும் மறுநாள் இரவிலும் பார்த்தால், ஒன்றரை நாள் செலவை ஒரு நாள் செலவாக எண்ணிவிடுவோம். தினமும் பார்க்க வேண்டும் என்பதில்லை; வாரம் ஒருமுறை ஒரே கிழமையில் பார்த்தாலும் போதும்.

வடகரையில் ஒரு மளிகைக் கடை

இனி ஒரு கடையை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்போம். நமது வடகரைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்காரர் ஜூன் 3-ஆம் தேதி காலை 28 நாள், 2 ஜி.பி. பேக் போடுகிறார். 3-ஆம் தேதியே முதல் நாள் என்பதால், ஜூன் 30 அவருக்கு 28-ஆம் நாள். ஒரு நாளின் பங்கு 3.57 சதவீதம்.

ஜூன் 9-ஆம் தேதி இரவு, அதாவது 7-ஆம் நாள் முடிவில் பார்க்கிறார். செலவு 21 சதவீதம். 21-ஐ 7-ஆல் வகுத்தால் நாளுக்கு 3 சதவீதம். இதே வேகத்தில் போனால் 28 நாளுக்கு 84 சதவீதம் ஆகும். 16 சதவீதம் மிச்சம். கவலை இல்லை.

இதை இன்னொரு விதமாகவும் சரிபார்க்கலாம். 28 நாளில் 7 நாள் போயிற்று என்றால் காலம் 25 சதவீதம் போயிருக்கிறது. டேட்டா 21 சதவீதம் போயிருக்கிறது. காலத்தை விட டேட்டா பின்தங்கி இருந்தால் நல்லது. டேட்டா முந்திக்கொண்டால் ஆபத்து. வகுத்தல் பெருக்கல் எதுவும் இல்லாமல், இந்த 2 எண்களை அடுத்தடுத்து எழுதினாலே முதல் பார்வையில் நிலைமை விளங்கிவிடும்.

அடுத்த வாரம் குற்றாலத்தில் சாரல் தொடங்குகிறது. சீசன் கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் வேலை கூடுகிறது. தென்காசி மொத்த வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் விலைப்பட்டியலோடு படங்களும் வீடியோக்களும் வந்து குவிகின்றன. ஜூன் 16-ஆம் தேதி இரவு, 14-ஆம் நாள் முடிவில், பாதி தீர்ந்துவிட்டது என்ற செய்தி வருகிறது.

இங்கேதான் கவனம் வேண்டும். காலம் 50 சதவீதம், டேட்டா 50 சதவீதம். 50-ஐ 14-ஆல் வகுத்தால் 3.57. அச்சடித்தாற்போல் ஒரு நாளின் பங்குதான் செலவாகியிருக்கிறது. "சரியாகக் கடைசி நாள் வரை வந்துவிடும்" என்று தோன்றும். ஆனால் வராது.

ஏன் என்று பார்ப்போம். முதல் வாரம் செலவு 21 சதவீதம். இரண்டாம் வாரம் 50-லிருந்து 21 போக, 29 சதவீதம். அதை 7-ஆல் வகுத்தால் நாளுக்கு 4.14 சதவீதம். இனி வரப்போகும் நாட்கள் முதல் வாரத்தைப் போல அமைதியாக இருக்கப் போவதில்லை, சீசன் தொடர்கிறது. எனவே இரண்டாம் வாரத்தின் வேகத்தையே மீதி நாட்களுக்கு வைத்துப் பார்க்க வேண்டும். மீதம் இருக்கும் 50-ஐ 4.14-ஆல் வகுத்தால் 12. இன்னும் 12 நாள் வரும் என்று அர்த்தம். ஜூன் 17-லிருந்து 12 நாள் எண்ணினால் ஜூன் 28 இரவோடு தீர்ந்துவிடும். 29, 30 ஆகிய 2 நாட்கள் போனில் டேட்டா இருக்காது.

தொடக்கத்திலிருந்து போடும் சராசரி நடந்து முடிந்ததைச் சொல்கிறது. கடைசி வாரத்தின் வேகம் வரப்போவதைச் சொல்கிறது. சர்க்கரை இருப்பைப் பார்க்கும்போது தீபாவளி வாரத்தில் ஆடி மாத விற்பனையையும் சேர்த்துச் சராசரி போட்டு நாம் கொள்முதல் செய்வதில்லை அல்லவா? அதே நியாயம்தான் இங்கும்.

கடைசி 2 நாள், கடைசி 3 நாள் வேகத்தை எடுக்காமல் ஏன் ஒரு வாரத்தை எடுக்கிறோம் என்றும் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமைச் செலவு ஒருவிதம், சந்தை நாள் செலவு ஒருவிதம். முழுதாக 7 நாள் எடுத்தால் எல்லாக் கிழமைகளும் ஒவ்வொரு முறை வந்துவிடும். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால் வாரம் முழுவதும் ஞாயிறாக இருப்பதுபோல் ஆகிவிடும். அதனால்தான் ரீசார்ஜ் செய்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ செலவு 15 சதவீதம் ஆகிவிட்டது என்று பதறவும் வேண்டியதில்லை. ஒரு வாரம் முடியட்டும். பிறகு முடிவு செய்யலாம்.

2 நாள் டேட்டா இல்லாவிட்டால் என்ன?

பேச்சு அழைப்பு இருக்கிறதே, 2 நாள்தானே என்று விட்டுவிடலாமா? நமது கடைகளில் இன்று அப்படி விட முடியவில்லை. வாடிக்கையாளர் தம் போனிலிருந்து பணம் அனுப்புவதற்கு நமது டேட்டா தேவையில்லை. அவர் அனுப்பினால் பணம் நமது வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் வந்ததா இல்லையா என்று செயலியில் பார்க்க நமக்கு டேட்டா வேண்டும். கடை நெரிசலில், "அனுப்பிவிட்டேன், பாருங்கள்" என்று வாடிக்கையாளர் தம் போனைக் காட்டுவார். அந்தத் திரையை மட்டும் நம்பிச் சரக்கைக் கொடுப்பது ஆபத்து. பழைய ரசீதின் படத்தையும், போலியாகச் செய்த படத்தையும் காட்டி ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திக்கு டேட்டா தேவையில்லை. ஆகவே டேட்டா தீர்ந்த நாட்களில் அதைப் பார்த்துச் சரிபார்க்கலாம். ஆனால் அது சில சமயம் தாமதமாக வரும். சிறு தொகைக்கு வராமலும் போகலாம். பணம் வந்ததை வாய்விட்டுச் சொல்லும் ஒலிப்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் தனி சிம் இருக்கும் என்பதால் நமது போனில் டேட்டா தீர்ந்தாலும் அது வேலை செய்யும். பெட்டி இல்லாத கடைக்கு மாதக் கடைசி 2 நாள் என்பது சிறிய விஷயம் அல்ல.

எவ்வளவு குறைக்க வேண்டும்?

நமது மளிகைக் கடைக்காரர் 14-ஆம் நாளே இதைக் கண்டுகொண்டார் என்று வைத்துக்கொள்வோம். மீதம் 50 சதவீதம், மீதி நாள் 14. நாளுக்கு 3.57 சதவீதம்தான் செலவழிக்கலாம். இப்போது 4.14 ஆகிறது. இடைவெளி அரை சதவீதத்துக்குச் சற்றே அதிகம். 2 ஜி.பி. என்பது 2,048 எம்.பி. அந்தக் கணக்கில் இன்று நாளுக்கு ஏறக்குறைய 85 எம்.பி. செலவு, அது 73 எம்.பி.யாகக் குறைய வேண்டும். நாளுக்கு 12 எம்.பி. குறைத்தால் போதும். பேக் முழுவதும் தீர்ந்த பிறகு கண்டுகொண்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை; பாதியில் கண்டுகொண்டால் இவ்வளவு சிறிய குறைப்பே போதுமானதாகிறது.

அந்த 12 எம்.பி.யை எங்கே பிடிப்பது? வாட்ஸ்அப்பில் தாமாகவே இறங்கும் படங்களிலும் வீடியோக்களிலும் பிடிக்கலாம். குழுவில் வரும் ஒவ்வொரு வீடியோவும் நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் போனில் இறங்கினால், அதற்கு நமது டேட்டாதான் செலவு. வாட்ஸ்அப்பின் Settings பகுதியில் Storage and data என்ற இடத்துக்குச் சென்றால் Media auto-download என்று இருக்கும். அதில் When using mobile data என்பதைத் திறந்து எல்லாக் குறியீடுகளையும் எடுத்துவிட வேண்டும். அதன் பிறகு நாம் தொட்டுத் திறக்கும் படம் மட்டுமே இறங்கும். விலைப்பட்டியல் படத்தைத் தொட்டால் அது வரும். வேண்டாத வீடியோ வராது. எழுத்தாக வரும் செய்திகளுக்கும், பணம் வந்ததைப் பார்ப்பதற்கும் ஆகும் செலவு மிகச் சொற்பம். அவற்றைக் குறைக்க முயல்வதில் பயனில்லை. வீடியோதான் மூடை கணக்கில் தின்பது. ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால், அதன் தெளிவைப் பொறுத்து, சில நூறு எம்.பி. போய்விடும், 73 எம்.பி. பங்கு உள்ள பேக்கில் அது பல நாள் சரக்கு.

அப்படிச் செய்தபின் ஜூன் 23-ஆம் தேதி இரவு, 21-ஆம் நாள் முடிவில் பார்க்கிறார். செலவு 72 சதவீதம். அந்த வாரம் 22 சதவீதம், நாளுக்கு 3.14. மீதம் 28 சதவீதம், மீதி நாள் 7. நாளுக்கு 4 சதவீதம் வரை செலவழிக்கலாம். இப்போது பேக் கடைசி நாள் வரை வரும். 6 சதவீதம் கையிலும் நிற்கும். நோட்டில் அவர் எழுதியிருப்பது இவ்வளவுதான்:

7-ஆம் நாள்: மொத்தச் செலவு 21, அந்த வாரம் 21, மீதம் 79
14-ஆம் நாள்: மொத்தச் செலவு 50, அந்த வாரம் 29, மீதம் 50
21-ஆம் நாள்: மொத்தச் செலவு 72, அந்த வாரம் 22, மீதம் 28

திடீர் செலவு வந்தால்

கணக்கு இவ்வளவு ஒழுங்காக எப்போதும் ஓடுவதில்லை. 22-ஆம் நாள் இரவு பார்த்தால் செலவு 81 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே நாளில் 9 சதவீதம் போய்விட்டது. "நாளுக்கு 9 என்றால் மீதம் 19 சதவீதம் 2 நாளுக்குத்தான் வரும்" என்று தோன்றும். அவசரப்படாமல், அந்த 9 சதவீதம் எதற்குப் போயிற்று என்று முதலில் பார்க்க வேண்டும். போனின் Data usage பக்கம் பயன்படும் இடம் இதுதான். அங்கே செயலிகள் வரிசையாக இருக்கும். மேலே இருப்பது அதிகம் தின்றது.

செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொண்டதால் அந்தச் செலவு என்றால், அது ஒருமுறை வந்த செலவு. நாளையும் வரும் என்று எண்ண வேண்டியதில்லை. கடைக்குக் கதவு மாற்றிய செலவை மாதாந்திரச் செலவாக நாம் எழுதுவதில்லை அல்லவா? ஆனால் கல்லாவிலிருந்து பணம் போனது போனதுதான். அதுபோல இந்தத் திடீர் செலவை இருப்பிலிருந்து கழிக்க வேண்டும். வேகத்தில் சேர்க்கக் கூடாது. இருப்பு 19 சதவீதம், மீதி நாள் 6, வழக்கமான வேகம் 3.14. ஆறு நாளுக்கு ஏறக்குறைய 18.8 சதவீதம் ஆகும். மயிரிழையில் போதும், ஆனால் கையில் மிச்சம் எதுவும் இல்லை. இதே போன்ற செலவு மீண்டும் வராமல் இருக்க, பிளே ஸ்டோரில் செயலிகள் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கப்படும்படி மாற்றிவைக்க வேண்டும்.

அந்த 9 சதவீதம் கடைப் பையன் ஹாட்ஸ்பாட் மூலம் தன் போனில் வீடியோ பார்த்ததால் போனது என்றால் விஷயம் வேறு. ஹாட்ஸ்பாட் வழியாக யார் பயன்படுத்தினாலும் அது நமது பேக்கிலிருந்துதான் போகும். கடவுச்சொல்லை மாற்றாத வரை அது தினசரிச் செலவு. அதை வேகத்திலும் சேர்த்தே ஆக வேண்டும்.

கூடுதல் டேட்டா எப்போது வாங்குவது?

என்ன குறைத்தும் போதாது என்று தெரிந்தால் கூடுதல் டேட்டா வாங்கத்தான் வேண்டும். வாங்கும் முன் அதன் ஆயுளைப் பார்க்க வேண்டும். சில கூடுதல் பேக்குகள் ஒரே நாளில் முடிந்துவிடும். சில, முதன்மை பேக் முடியும் நாளோடு முடிந்துவிடும். சிலவற்றுக்குத் தனியாக நாள் கணக்கு உண்டு. ஒரு நாள் ஆயுள் உள்ளதை, 2 நாள் பற்றாக்குறைக்கு வாங்கினால் இரண்டாம் நாள் மறுபடியும் வாங்க நேரிடும். முதன்மை பேக்கோடு முடிவதை வாங்கினால், கடைசி நாளில் மிஞ்சுவது அடுத்த மாதத்துக்கு வராது. ஆகவே பற்றாக்குறையின் அளவுக்கு மட்டும் வாங்க வேண்டும். எவ்வளவு பற்றாக்குறை என்பதை நமது கணக்கே சொல்லிவிடும். 14-ஆம் நாள் கணக்கில் மீதி 14 நாளுக்கு 58 சதவீதம் வேண்டும், கையில் 50 இருந்தது; பற்றாக்குறை 8 சதவீதம், அதாவது சுமார் 164 எம்.பி. இதற்குப் பெரிய பேக் வாங்குவது, கால் கிலோ தேவைக்கு மூடை வாங்குவது போன்றது.

ஒவ்வொரு மாதமும் இப்படிப் பற்றாக்குறை வருகிறது என்றால், நமது வியாபாரத்துக்கு அந்த பேக் போதாது என்று பொருள். 3 மாத நோட்டை எடுத்துக் கடைசி வாரக் கூடுதல் செலவைக் கூட்டிப் பாருங்கள். பேக் விலையும் அந்தக் கூடுதலும் சேர்ந்து, தினசரி அளவு தரும் பேக்கின் விலையைத் தொட்டால், அடுத்த முறை அந்த வகைக்கு மாறுவதே கட்டுப்படியாகும். ஒருமுறை மட்டும், அதுவும் சீசன் மாதத்தில் மட்டும் பற்றாக்குறை வந்திருந்தால் பழைய பேக்கே போதும். சீசன் மாதங்களில் மட்டும் பெரியதைப் போட்டுக்கொள்ளலாம்.

ரீசார்ஜ் குறுஞ்செய்தி வந்த அன்றே நோட்டில் முடிவுத் தேதியையும், அதன் கீழே 7, 14, 21-ஆம் நாட்களின் தேதிகளையும் எழுதி வைத்துவிடுங்கள். அந்த 3 இரவுகளில் நிறுவனத்தின் செயலியைத் திறந்து ஒரு வரி எழுத 2 நிமிடம் போதும். அதில் 14-ஆம் நாள் வரியை மட்டும் தவறவிடாதீர்கள். குறைப்பதற்கு நாள் மிச்சம் இருக்கும்போது நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை அதுதான்.